பி பிரிவு டீச்சருக்கு ஒரு கருத்துரு

எங்கள் பள்ளியில் எழுத வேண்டியது எதுவானாலும் அது கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். ஆண்டு விழா வரவேற்புரை, ஓய்வு பெறுகிறவருக்கு வாழ்த்து மடல், யாராவது தவறிவிட்டால் இரங்கல் குறிப்பு, பக்கத்து ஊர் சபை நூற்றாண்டு மலருக்கு ஒரு கவிதை. தமிழாசிரியன் என்றால் ஊரிலுள்ள எல்லாருக்கும் எழுதிக் கொடுக்கக் கடன்பட்டவன் என்று இங்கே ஒரு எண்ணம் உண்டு. நான் முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதுவேன். ஆனால் என் வாழ்த்து மடலை மேடையில் வாசிக்கும்போது முன்வரிசையில் இரண்டு பேராவது கண்ணைத் துடைக்காவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷம் மாநில நல்லாசிரியர் விருதுக்குப் பரிந்துரை கேட்டுச் சுற்றறிக்கை வந்தபோது தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாறுதலில் வந்தவர், நிதானமான மனிதர், எதையும் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். "நம்ம அறிவியல் டீச்சருக்கு அனுப்பலாம்னு நினைக்கேன். அவங்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த மே மாசம் ஓய்வு. நீங்க எழுதிக் குடுத்திருங்க" என்றார்.

அறிவியல் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூதப்பாண்டிப் பக்கத்துச் சைவ வீட்டுப் பெண். தினமும் இரண்டு பஸ் மாறி, இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வருவார். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொட மாட்டார். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் ஆசிரியர் அறையில்தான் அந்தக் கோபமெல்லாம். வகுப்பில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒன்பதாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் இரண்டு பிரிவாகப் பிரிக்கும்போது, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள், பாதி நாள் வராத பிள்ளைகள், எல்லாரும் பி பிரிவுக்குப் போவார்கள். அப்படிப் பிரிக்கக் கூடாது என்று மேலே சொல்வார்கள், ஆனாலும் எப்படியோ அப்படித்தான் பிரியும். டீச்சர் வருஷா வருஷம் அந்தப் பிரிவைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

அதனால் வந்த வினை, அவருடைய தேர்ச்சி விழுக்காடு. விருதுக் கருத்துருவில் கடந்த ஆண்டுகளின் தேர்ச்சி விழுக்காட்டை அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். அவர் பாடத்தில் ஒரு வருஷம்கூட நூற்றுக்கு நூறு இல்லை. தலைமையாசிரியர் தயங்கித் தயங்கி, "ரெண்டு பிரிவையும் சேத்து ஒரு சராசரியாப் போட்டா என்ன டீச்சர்?" என்று கேட்டார். டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "ஏ பிரிவு நான் எடுக்கல்லல்லா சார்? நான் எடுக்காத பிள்ளைகளுக்க மார்க்கு எனக்கெதுக்கு?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் அவரிடம் தனியாகக் கேட்டேன். இந்த விருது மேல் அவருக்கு ஆசை இருக்கிறதா, அல்லது தலைமையாசிரியர் சொன்னதற்காகச் சம்மதித்தாரா என்று. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் 'எனக்கெதுக்கு சார் அதெல்லாம்' என்றுதான் சொல்வார்கள். டீச்சர் அப்படிச் சொல்லவில்லை.

"எனக்கு வேணும் சார். நல்லாவே ஆசை இருக்கு. இத்தனை வருசமா என்னைப் பத்தி ஆபீசுல இருக்கது அந்த அட்டவணை மட்டும்தான். எம் பேரை எடுத்துப் பாத்தா, இவ கிளாசுல இத்தனை பேரு தோத்துட்டான்னு மட்டும்தான் இருக்கும். உள்ள என்ன நடந்ததுன்னு ஒருத்தராவது ஒரு தாள்ல எழுதி வைக்கணும்லா? அதுக்குப் பொறவு குடுக்கதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்."

அவர் அப்படி வெளிப்படையாகக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். 'அறிவு விளக்கேற்றும் அன்னை', 'தன்னலம் கருதாத் தகைமையாளர்', 'குமரிக் கடலோரத்தின் கலங்கரை விளக்கம்' என்று என் கைவசம் இருந்த எல்லாச் சரக்கையும் இறக்கினேன். மறுநாள் தலைமையாசிரியர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சார், இது நல்லாருக்கு. ஆனா இது ரிட்டயர்மெண்ட் ஃபங்ஷனுக்கு வாசிக்கது. இதுல டீச்சர் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டாலும் பொருந்தும், எம் பேரைப் போட்டாலும் பொருந்தும். கமிட்டில கேக்கது வேற. எந்தப் பிள்ளைக்கு என்ன நடந்துச்சு, முன்னால எப்படி இருந்தான், பின்னால எப்படி ஆனான். பிள்ளைகளே இல்லையே சார் இதுல."

எனக்குச் சுருக்கென்றது. உள்ளுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். வகுப்பில் பையன்களிடம் 'மேற்கோள் காட்டி விளக்குக' என்று வருஷம் முழுக்கக் கேட்கிறவன் நான். எனக்கே அந்தக் கேள்வியில் முட்டை மார்க் விழுந்திருக்கிறது.

சரி, பிள்ளைகளைச் சேர்ப்போம் என்று இறங்கினேன். இரண்டு உதாரணங்கள் சுலபமாகக் கிடைத்தன. செய்முறைத் தேர்வுக்குப் பழகும்போது பையன்கள் சோதனைக் குழாயைப் பிடிப்பார்கள், பெண் பிள்ளைகள் பக்கத்தில் நின்று ரெக்கார்டு எழுதுவார்கள். டீச்சர் அதை மாற்றினார். ஒரு நாள் பெண்கள் மட்டும் செய்வார்கள், பையன்கள் எழுதுவார்கள். மயிலாடியிலிருந்து வந்து, அமிலப் புட்டியைத் தொடவே பயந்து அழுத ஒரு பெண் இப்போது நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். இன்னொரு பையனுக்கு வாய் நிறையப் பதில் தெரியும், எழுதினால் ஒன்றும் வராது. டீச்சர் முதலில் அவனைச் சொல்ல வைத்து, பக்கத்துப் பையனை எழுத வைத்து, பிறகு அதைப் பார்த்து அவனையே எழுத வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவன் கைக்கு எழுத்தைக் கொண்டுவந்தார். இரண்டையும் எல்லாரும் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

மூன்றாவது உதாரணம்தான் முக்கியமானது. கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு பையன். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் பாதி வருஷத்தில் நின்றுவிட்டான், வள்ளத்தில் கடலுக்குப் போகத் தொடங்கினான். தலைமையாசிரியர் போய்ப் பார்த்தார், பங்குத்தந்தை சொல்லிப் பார்த்தார், இடைநின்ற பிள்ளைகளைக் கணக்கெடுக்கிறவர்கள் வந்து பார்த்தார்கள். பையன் அசையவில்லை. பிறகு ஒரு நாள் தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அதில் டீச்சருக்கு ஏதோ பங்கு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், என்ன என்றுதான் தெரியாது. இப்போது அவன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம்.

டீச்சரிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், அவனா வந்தான்" என்று சொல்லிவிட்டு விடைத்தாளைத் திருத்தப் போய்விட்டார். எனக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த மாதிரிக் கதை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? எழுதினேன். 'குடிப்பழக்கத்துக்கு அடிமையான தந்தை, கல்வியின் அருமை அறியாத தாய், வறுமையின் கோரப்பிடி. அந்த இருளில் தவித்த மாணவனின் இல்லத்துக்கே பலமுறை நேரில் சென்று, பெற்றோரின் கரம் பற்றி மன்றாடி, அவனைப் பள்ளிக்கு மீட்டு வந்தார்.' படித்துப் பார்த்தேன். முன்வரிசையில் நான்கு பேராவது கண்ணைத் துடைப்பார்கள் என்று தோன்றியது.

மதிய இடைவேளையில் டீச்சரிடம் கொடுத்தேன். தயிர்ச் சாதத்தை மூடி வைத்துவிட்டுப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"சார், அவனுக்க அப்பா குடிப்பாரா?"

"குடிக்காம இருப்பாரா டீச்சர்..."

"உங்களுக்கு ஆரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை. வாக்கியம் கேட்டது, நான் போட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

"அவருக்கு முதுகெலும்பு தேஞ்சு போச்சு சார். வலை இழுத்து இழுத்து. எந்திரிச்சு நிக்க மாட்டாரு. அதுக்காக்கும் பய கடலுக்குப் போனான். இந்தத் தாளு ஆபீசோட நிக்காது, விருது கிடைச்சா பேப்பர்காரன் கேட்டு வருவான், அவன் இதைத்தான் போடுவான். அதுக்குப் பொறவு அந்த அம்மைக்க மொகத்துல நான் எப்படி முழிக்கது? எனக்கு வெளிச்சம் வரணும்னு ஒரு வீட்டைப் பிடிச்சு இருட்டாக்கியிருக்கியோ. நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்." தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "எனக்கு விருதும் வேண்டாம்" என்றார். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஆசை இருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னவர் வாயிலிருந்து அது வந்தபோது எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் அவரை விடவில்லை. "நீங்க சொல்லாட்டா நான் அந்த அம்மாட்டயே போய்க் கேப்பேன்" என்றேன். டீச்சர் பதறினார். "நீங்க தனியாப் போவாண்டாம். என்னத்தையாவது கேட்டு வச்சிருவியோ. நானும் வாறேன்."

அந்த அம்மாள் எங்கள் பள்ளியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் சாயங்காலச் சந்தையில் மீன் விற்கிறவர். நாங்கள் போனபோது வியாபாரம் சுறுசுறுப்பாக இருந்தது. டீச்சரைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, "வாருங்க டீச்சரே, ரொம்ப நாளாச்சுல்லா. சாளை நல்லாருக்கு, எடுக்கட்டா?" என்றார்.

எனக்குத் திகைப்பு. கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குகிற டீச்சரிடம் சாளை எடுக்கட்டுமா என்று கேட்கிறார் ஒருவர்! டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். டீச்சருக்கு விருதுக்கு எழுதுகிறோம், அதில் உங்கள் பையனைப் பற்றி ஒரு பத்தி வருகிறது, உங்கள் சம்மதம் இல்லாமல் போட மாட்டோம் என்றேன். அப்பா அம்மாவைப் பற்றிய வரியைச் சந்தைக்கு வரும் வழியிலேயே அடித்திருந்தேன். மீதியை வாசித்துக் காட்டினேன். 'இல்லத்துக்கே பலமுறை நேரில் சென்று' என்ற இடம் வந்ததும் அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஆரு? இந்த டீச்சரா? எங்க வீட்டுப் படி ஏறினதில்ல சாரே. மத்த எல்லாரும் வந்தாங்க. பெரிய சார் வந்தாங்க, ஃபாதர் வந்தாங்க, கணக்கெடுக்க வந்த பிள்ளைகளும் வந்து எழுதிட்டுப் போச்சு. அவங்க வரும்போ எல்லாம் பயலுக்க அப்பா சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுவாங்க, எம் பய பின்வாசல் வழியா ஓடிருவான். டீச்சர் இங்கதான் வந்தாங்க. மீன் வாங்க."

"மீன் வாங்கவா?"

"பின்ன? பையில போடதுக்குக்கூட ஒரு விரலாலயாக்கும் பிடிப்பாங்க, பாம்பைப் பிடிச்ச மாதிரி. சைவக்காரங்கன்னு முத நாளே எனக்குத் தெரியும். வாங்கிட்டுப் போய் என்ன செய்யுகாங்களோன்னு நினைப்பேன்."

அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. பையன் பள்ளிக்கு வராமல் நின்ற அந்த வருஷம் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், பஸ் நிறுத்தத்தில் டீச்சர் என் கையில் ஒரு பையைத் திணிப்பார். 'ஒரு பிள்ளைக்க அம்மை தந்தாங்க சார், வேண்டாம்னு சொல்ல முடியல்ல, நீங்க கொண்டுபோங்க' என்பார். என் வீட்டில் சாளையும் அயிலையும் குழம்பு கொதித்தது அப்படித்தான். நல்ல பிள்ளை, நல்ல அம்மா என்று மனதுக்குள் வாழ்த்திக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன். டீச்சர் காசு கொடுத்து வாங்கியது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"சரி, மீன் வாங்கிட்டு என்ன சொன்னாங்க? பையனை அனுப்பச் சொன்னாங்களா?"

"ஒரு நாளும் சொல்லல்ல. அதுதானே அதிசயம். ஒரு கேள்வி கேட்டுட்டுப் போவாங்க. 'இன்னைக்குக் கிளாசுல மிதக்கதைப் பத்தி நடத்துனேன், பிள்ளைகளுக்கு ஒண்ணும் மனசிலாகல்ல. உங்க மகன்ட்ட கேட்டுச் சொல்லுங்க, வள்ளத்துல மீன் நிறைஞ்சா எம்பூட்டு தாழும்?' நான் போய்க் கேப்பேன். அவனும் சொல்லுவான். மறுநாள் நான் டீச்சருக்குச் சொல்லுவேன். 'உங்க மகன் சொன்னதைக் கிளாசுல சொன்னேன், எல்லாரும் எழுதிக்கிட்டாங்க'ம்பாங்க. அதைக் கேட்டதும் பயலுக்கு ஒரு கெத்து. பொறவு அவனே கேக்கத் தொடங்கினான், 'அம்மை, இன்னைக்கு டீச்சர் என்ன கேட்டாங்க?'ன்னு."

டீச்சர் இடையில் புகுந்து, "போதும், மீனைப் பாருங்க, ஆளு நிக்காங்க" என்றார். அந்த அம்மாள் விடவில்லை.

"கடைசியா ஒண்ணு கேட்டாங்க சாரே. நங்கூரம் தண்ணிக்குள்ள இருக்கப்போ கனமா, தண்ணியை விட்டு மேல வந்த பொறவு கனமான்னு. பய, 'இது தெரியாதா, மேல வந்தாத்தான் கனக்கும், கை பிஞ்சு போவும்'னான். சொல்லிட்டு, 'ஏன் அப்படி?'ன்னு கேட்டுட்டு வரச் சொன்னான். நான் வந்து கேட்டேன். இவங்க சொல்ல மாட்டேன்னுட்டாங்க! 'அதை மீன் சந்தையில வச்சுச் சொல்ல முடியாது, படம் வரையணும், போர்டு வேணும்'னாங்க. ரெண்டு நாளு பயலுக்கு இருப்புக் கொள்ளல்ல. மூணாம் நாளு பையை எடுத்துட்டுப் போயிட்டான். அவனுக்க மாமன் அவனுக்குப் பதிலா வள்ளத்துல ஏறினான். இதாக்கும் நடந்தது."

நான் டீச்சரைப் பார்த்தேன். இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் 'ஒண்ணும் இல்ல சார்' என்றாரா? திரும்பி வரும்போது அதையே கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"சந்தையில நின்னு பேசுனதெல்லாம் சாதனையா சார்?" என்றார். பிறகு தயங்கி, "வீட்டுலயும் தெரியாது. நான் மீன் பையைக் கையில தூக்கிட்டு நடந்தேன்னு என் மாமியாருக்குத் தெரிஞ்சா அடுக்களைக்குள்ள விட மாட்டாங்க. எழுதினா பேப்பர்ல வருமேன்னுதான்..."

"வந்தா வரட்டும் டீச்சர்."

நிறுத்தம் வந்துவிட்டது. "செரி, எழுதுங்க. ரிட்டயர் ஆகப் போற வயசுல மாமியாருக்குப் பயந்தா எப்படி?" என்றார். அப்புறம் அவரே சிரித்துவிட்டார். நான் அன்றைக்கு முழுக்கச் சுமந்துகொண்டிருந்த ஒரு பாரம் இறங்கியது.

அந்தப் பத்தியை அந்த அம்மாள் சொன்னது சொன்னபடியே எழுதினேன். அடைமொழி ஒன்றுகூடப் போடவில்லை. எனக்கு அது பத்தியமிருப்பதைப் போலக் கஷ்டமாக இருந்தது. மறுபடியும் சந்தைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மாள், "எம் பேரு எங்க?" என்றார். வீட்டு விவரம் வெளியே தெரிய வேண்டாமே என்று 'ஒரு மாணவனின் தாய்' என்று போட்டிருந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "கேள்வியைக் கொண்டு போனதும் வந்ததும் நானு. எம் பேரைப் போடாம எப்படி?" என்றார். போட்டேன். இங்கே அதை எழுதுவதற்கில்லை, கருத்துருவில் இருக்கிறது. ஒரு தாளில் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

டீச்சர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். தனிப்பயிற்சி எடுப்பதில்லை என்ற உறுதிமொழி, ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இல்லை என்ற சான்று, அந்தப் பரிதாபமான தேர்ச்சி அட்டவணை, எல்லாம் சேர்த்துக் கட்டி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போயிற்று. அனுப்பிய பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. மற்ற பள்ளிகளிலிருந்து நூறு விழுக்காடும் கோப்பையும் புகைப்பட ஆல்பமுமாக வரும்போது, மீன் வாங்கின கதையை யார் சீந்துவார்கள்? டீச்சரின் கடைசி வாய்ப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டேனோ என்று ஒவ்வொரு நாளும் அரித்தது.

சில வாரம் கழித்து, மாவட்டக் குழுவிலிருந்து ஒரு அதிகாரி நேரில் சரிபார்க்க வந்தார். அவர் ஒரு காலத்தில் வரலாற்று ஆசிரியராக இருந்தவர் என்று சொன்னார்கள். சிரிக்காத முகம். தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து பதிவேடுகளைப் பார்த்தார். எழுதியவன் என்பதால் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். டீச்சரை வெளியே வராந்தாவில் காத்திருக்கச் சொன்னார்கள்.

"தேர்ச்சி குறைவா இருக்கே?" என்றார் அதிகாரி. தலைமையாசிரியர் பி பிரிவு விவரத்தைச் சொன்னார். அதிகாரி தலையாட்டினாரா இல்லையா என்றே தெரியவில்லை. தாளைப் புரட்டினார். "இந்த உதாரணம் மாதிரி எல்லாரும்தான் எழுதிட்டு வாறாங்க. நேத்து ஒரு ஸ்கூல்ல விசாரிச்சா, அந்தப் பிள்ளையே 'எனக்கு ஒண்ணும் தெரியாதே'ங்குது. இந்தப் பையன் நம்பர் இருக்கா?"

நம்பர் கருத்துருவிலேயே இருந்தது. தன் ஃபோனை எடுத்து அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். பையனிடம் நாங்கள் யாரும் முன்கூட்டி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்லக் கூடாது என்று டீச்சர் பிடிவாதமாக இருந்தார். அம்மாவும் அவனிடம் சொன்னாரா என்று தெரியாது.

பின்னால் கேன்டீன் இரைச்சல் கேட்டது. அதிகாரி தன்னை அறிமுகம் செய்துகொண்டு கேட்டார். "நீ ஒன்பதாம் வகுப்புல நின்னுட்டு மறுபடி ஸ்கூலுக்கு வந்தியே, உங்க அறிவியல் டீச்சர் வீட்டுக்கு வந்து உன்னைக் கூட்டிட்டு வந்தாங்களா?"

"இல்ல சார்" என்றான் பையன், பட்டென்று. "எங்க வீட்டுக்கு எல்லாரும் வந்தாங்க. அவங்க மட்டும் வரல்ல."

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கோ நெஞ்சில் ஐஸ் வைத்தது மாதிரி ஆறுதல். என் 'பலமுறை நேரில் சென்று' அந்தத் தாளில் இருந்திருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கும். அதிகாரி தாளில் விரலை வைத்து வரியைப் பார்த்தார். 'டீச்சர் மாணவனின் வீட்டுக்கு ஒருமுறையும் செல்லவில்லை' என்றுதான் அங்கே இருந்தது. அவர் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பின்ன எதுக்குத் திரும்பி வந்தே?"

"நங்கூரம் மேல வந்தா ஏன் கனக்குன்னு கேட்டேன் சார். அவங்க பதில் சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

அதிகாரியின் உதட்டோரம் அசைந்தது. "இப்பம் பதில் தெரியுமா உனக்கு?"

கேட்டிருக்கக் கூடாது. பையன் தொடங்கிவிட்டான். தண்ணீர் கீழேயிருந்து மேலே தள்ளும், நங்கூரம் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அதன் எடை அளவுக்குத் தள்ளும், கயிறு நமக்காகப் பாதி வேலை செய்கிறது மாதிரி இருக்கும் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனான். "அப்பம் தண்ணிக்குள்ள நங்கூரத்துக்க எடை குறைஞ்சு போவும் சார், அதுனால..."

"ஏலே, எடை எங்கலே குறைஞ்சுது?"

கதவைத் திறந்துகொண்டு டீச்சர் உள்ளே நின்றார். கூப்பிடாமல் வரக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோயிருந்தது. "எத்தனை தடவை படிச்சுக் குடுத்தேன்? எடை அப்படியேதான் இருக்கும். குறைஞ்ச மாதிரி தோணுகது. தோற்ற எடை! பாலிடெக்னிக்ல இதையா படிச்சுக் குடுக்கான்?"

ஃபோனில் பையன் குரல் சட்டென்று இறங்கியது. "டீச்சர்? நீங்க அங்கயா நிக்கியோ?"

"நான் நிக்கது இருக்கட்டும். கயிறு பாதி வேலை செய்யுகுன்னு சொன்னியே, அது என்னது? கயிறா தூக்குகு? தண்ணியாக்கும் தூக்குகு. பேப்பர் இருக்கா கையில? வரை. முதல்ல நங்கூரத்தை வரை."

பேசிக்கொண்டே மேசையிலிருந்து ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு நடந்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே டீச்சரின் கை காற்றில் கீழிருந்து மேலாக அம்பு வரைந்துகொண்டிருந்தது. அவருக்கு விருது கிடைக்கப் போகிறதா என்று அப்போது தெரியாது. அந்த ஆண்டுப் பட்டியலில் அவர் பெயர் வந்தது பிறகுதான். ஆனால் எனக்கு அந்த நிமிஷமே எல்லாப் பயமும் போய்விட்டது. தாளில் எழுதியிருந்ததை ஜன்னலுக்கு வெளியே கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதிகாரி கருத்துருவின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு மூடி வைத்தார். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "சார், எனக்கு அடுத்த ஸ்கூலுக்குப் போகணும். டீச்சர்ட்ட இருந்து என் ஃபோனைக் கொஞ்சம் வாங்கித் தாருங்க" என்றார்.